மதிய பேட்சின் புள்ளிகள்

அவள் வந்த முதல் நாளே எனக்கு அவளைப் பிடிக்கவில்லை. காரணம் கேட்டால் அன்றைக்கு ஒன்றும் சொல்லியிருக்க மாட்டேன். இப்போது கேட்டால் மூச்சு வாங்கும் வரைக்கும் சொல்வேன். பழைய தங்கச் சுரங்க ஊரான ராபர்ட்சன்பேட்டையில் இருக்கிற எங்கள் கல்லூரியில் இயற்பியலுக்குக் கௌரவ விரிவுரையாளராக நான் பல வருடங்களாக மாரடித்துக்கொண்டிருக்கிறேன். ஒவ்வொரு ஜூனிலும் ஆர்டர் வருமா வராதா என்று அலுவலக வாசலில் நிற்கிற வேலை அது. அவள் பக்கத்துச் சுரங்கக் குடியிருப்பான மைசூர் மைன்ஸ்காரி. பெங்களூரில் ஆராய்ச்சி முடித்து, பட்டம் வாங்கி, அம்மாவுக்கு உடம்பு சரியில்லை என்று ஊருக்குத் திரும்பி, என்னைப் போலவே கெஸ்ட் லெக்சரராகச் சேர்ந்தவள். வந்த ஒரே வாரத்தில் பசங்க அவளை "டாக்டர் மேடம்" என்று கூப்பிட ஆரம்பித்துவிட்டார்கள். நான் வெறும் மேடம்.

அதைக்கூடப் பொறுத்துக்கொண்டிருப்பேன். அவள் என்னை "அக்கா" என்றாள். இரண்டு பேருக்கும் மிஞ்சிப்போனால் ஆறேழு வயது வித்தியாசம் இருக்கும். ஸ்டாஃப் ரூமில் அத்தனை பேர் நடுவில், "அக்கா, நாஷ்டா ஆச்சா?" என்று சிரித்தபடி கேட்பாள். நான் "ஆச்சு மேடம்" என்பேன். அந்த மேடத்தை அழுத்திச் சொல்வேன். அவளுக்கு அது உறைத்ததே இல்லை. உறைக்காத மாதிரி நடந்துகொள்வதுகூட ஒரு சாமர்த்தியம் என்று எனக்குத் தோன்றும்.

எங்கள் லேப், சுரங்கக் கம்பெனி காலத்துக் கட்டடம். மேலே ஆஸ்பெஸ்டாஸ் ஷீட். மார்ச் மாதத்தில் காலையில் போனால் ஸ்வெட்டர் போட்டுக்கொள்ள வேண்டும். மத்தியானம் போனால் தலையில் அனலைக் கொட்டுகிற மாதிரி இருக்கும். காலை பேட்ச் அவளுக்கு, மதிய பேட்ச் எனக்கு. கேட்டு வாங்கியது இல்லை; டைம்டேபிள் போட்டவர் டாக்டர் மேடத்துக்கு நல்ல நேரமாகப் பார்த்துக் கொடுத்துவிட்டார். சாப்பிட்டுவிட்டுக் கண் சொக்கி வருகிற பசங்களையும் கொதிக்கிற கூரையையும் என் தலையில் கட்டினார்.

எம்.எஸ்ஸி. பசங்களுக்கு அந்த வருடம் ஒரு செய்முறை இருந்தது. ஒரு திரவத்தின் மின்காப்பு மாறிலியை, எங்கள் பேச்சில் டைஎலக்ட்ரிக் கான்ஸ்டன்டை, கண்டுபிடிக்க வேண்டும். ஒன்றுக்குள் ஒன்றாக, தொடாமல் நிற்கிற இரண்டு உலோகக் குழாய்கள் கொண்ட பாத்திரம் இருக்கும். செல் என்போம். அதை மீட்டரோடு இணைத்து, காலியாக இருக்கும்போது எவ்வளவு மின்னூட்டத்தைப் பிடித்துவைக்கிறது என்று பார்க்க வேண்டும். அப்புறம் குழாய்கள் முழுக்க மூழ்குகிற மாதிரி திரவத்தை ஊற்றி, மறுபடி பார்க்க வேண்டும். இரண்டாவதை முதலாவதால் வகுத்தால் விடை. எங்களுக்குக் கொடுத்த திரவம் நைட்ரோபென்சீன். பூட் பாலிஷ் டப்பாவைத் திறந்த மாதிரி வாசனை அடிக்கும். தோலில் படக்கூடாது, மோந்து பார்க்கக்கூடாது. கையுறை மாட்டிக்கொண்டு, காற்றை வெளியே தள்ளுகிற ஃபேனைப் போட்டுவிட்டுத்தான் பாட்டிலைத் திறக்க வேண்டும்.

மார்ச் கடைசியில் துறைத்தலைவர் எங்கள் இரண்டு பேரையும் கூப்பிட்டார். கன்னடக்காரர், நன்றாகத் தமிழ் பேசுவார், ரிட்டயர்மெண்டுக்கு நாள் எண்ணிக்கொண்டிருப்பவர். இரண்டு பேட்ச் ரெக்கார்டுகளையும் மேசையில் பரப்பி வைத்திருந்தார்.

"நோடி, பாருங்க மேடம், ரெண்டு பேருக்கும் நேரா சொல்லிடறேன். அட்மிஷன் கம்மியாயிடுச்சு. வர்ற வருஷத்துக்கு ஒரு கெஸ்ட் லெக்சரர் போதும்னு மேல சொல்லிட்டாங்க. யாருன்னு நான் எழுதிக் கொடுக்கணும்."

என் வீட்டுக்காரர் தினமும் சாம்பியன் ரீப்ஸ் ஸ்டேஷனில் ரயிலேறி பெங்களூர் போய் ஒரு கிடங்கில் வேலை பார்க்கிறவர். பெண் பி.யு. இரண்டாம் வருடம், அதாவது பன்னிரண்டாம் வகுப்பு. இந்த வேலை போனால், இந்த வயதில் நானும் அந்த ரயிலில்தான் தொங்க வேண்டும். அவளுக்கு என்ன? அவள் புருஷன் பெங்களூரில் கம்ப்யூட்டர் கம்பெனியில் இருக்கிறான். இந்த வேலை அவளுக்குப் பொழுதுபோக்கு என்றுதான் நான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

துறைத்தலைவர் என் பக்கத்து ரெக்கார்டைத் தட்டினார். "உங்க பேட்ச் ஏன் இப்படி? எல்லாப் பசங்களுக்கும் கம்மியா வருது. புக் வேல்யூ முப்பத்தைஞ்சை ஒட்டி இருக்கு. உங்க பசங்க ஒருத்தர்கூட முப்பத்திமூணைத் தொடலை. டாக்டர் மேடம் பேட்ச் பாருங்க, முப்பத்தாறு."

"சார், அவங்களுதும் புக் வேல்யூ இல்லியே. ஜாஸ்தியாதானே இருக்குது" என்றேன்.

"அது கிட்டத்தட்ட சரி மேடம். உங்களுதுதான் தப்பு."

கேட்டீர்களா நியாயத்தை. கூடினால் கிட்டத்தட்ட சரி, குறைந்தால் தப்பு. என் பசங்க செல்லை ஒழுங்காகக் கழுவவில்லை, போன வாரத்துத் திரவம் மிச்சம் இருந்து கலந்திருக்கும், நான் பக்கத்தில் நின்று பார்க்கவில்லை என்று அடுக்கிக்கொண்டே போனார். வெளியிலிருந்து தேர்வாளர் வருவதற்குள் சரிபண்ணச் சொன்னார். அவள் தலையைக் குனிந்து உட்கார்ந்திருந்தாள். அவள் வாயைத் திறந்து என்னைக் குறை சொல்லியிருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும்.

சாயந்திரம் வீட்டுக்காரரிடம் சொல்லிப் புலம்பினேன். அவர் சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டியபடியே, "அவங்க இன்னா பண்றாங்கன்னு நேர்ல போய் பாத்துட்டு வாயேன். சும்மா இங்க உக்காந்து பொருமிக்கினு கீறியே" என்றார். அந்த மனிதர் சொன்னதிலேயே உருப்படியான யோசனை அதுதான்.

மறுநாள் காலையிலேயே லேபுக்குப் போய்விட்டேன். ஏதோ பொருளைத் தேடுகிற பாவனையில் பீரோ பக்கத்தில் நின்றுகொண்டேன். அவளுடைய தப்பைக் கண்டுபிடிக்கத்தான் போனேன். பழைய பாட்டிலின் மிச்சத்தை எனக்குத் தள்ளிவிட்டு, அவள் மட்டும் புதுப் பாட்டிலைத் திறக்கிறாளா என்று பார்த்தேன். இல்லை, ஒரே பாட்டில்தான். செல்லைக் கழுவுகிறாளா? கழுவினாள். அசிட்டோன் விட்டு அலசி, உலர்த்தி, காலிச் செல்லின் அளவை ஒன்றுக்கு இரண்டு தரம் எடுக்கவைத்தாள். குழாய்களுக்கு மேலே ஒரு விரல் அளவு திரவம் நிற்கிறதா என்று குனிந்து பார்த்தாள். ஒரு பெண்ணின் கையுறையில் சின்னக் கிழிசல் இருந்தது. அதைக்கூடக் கண்டுபிடித்து மாற்றச் சொன்னாள். அத்தனையும் சரியாகச் செய்தாள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஒருத்தி இவ்வளவு சுத்தமாக வேலை செய்தால் பக்கத்தில் இருக்கிறவள் எப்படிப் பிழைப்பது?

"அக்கா, இன்னா தேடறீங்க? நான் எடுத்துத் தரட்டுமா?" என்றாள்.

"ஒண்ணும் இல்லீங்க மேடம். நீங்க பாருங்க" என்றேன்.

வெறுங்கையோடு திரும்பக்கூடாது என்று, கழுவி உலர்த்தி வைத்திருந்த செல் ஒன்றை எடுத்துப் புரட்டிப் பார்த்தேன். உலோகம் சில்லென்று இருந்தது. ராத்திரிக் குளிரெல்லாம் அதில்தான் இருந்தது. நான் அதைக் கீழே வைத்துவிட்டு, வயிறெரிந்துகொண்டே வகுப்புக்குப் போனேன்.

மத்தியானம் என் பேட்ச். அதே செல், அதே பாட்டில், அதே மீட்டர். அவள் செய்ததை ஒன்றுவிடாமல் செய்யவைத்தேன். அலசினோம், உலர்த்தினோம், குழாய்கள் மூழ்கினதைப் பார்த்தோம். வந்தது முப்பத்திரண்டு சொச்சம். எனக்கு அழுகையே வந்துவிட்டது. பசங்க முன்னால் அழக்கூடாது என்று செல்லை எடுத்து ஓரமாக வைப்பதற்காகப் பிடித்தேன். கையுறையைத் தாண்டி வெதுவெதுப்பு தெரிந்தது. காலையில் சில்லென்று இருந்த அதே உலோகம்.

அப்படியே நின்றுவிட்டேன். பக்கத்தில் ஒரு பையனின் ரெக்கார்டு திறந்து கிடந்தது. எங்கள் கல்லூரியில் எல்லா ரெக்கார்டிலும் தலைப்புக்குக் கீழே ஒரு வரி எழுதவைப்போம்: "ரூம் டெம்பரேச்சரில் அளக்கப்பட்டது." வருடாவருடம் அதே வரி. எந்த ரூம், என்ன டெம்பரேச்சர் என்று ஒருத்தரும் கேட்டதில்லை. தெர்மாமீட்டரைப் பீரோவில் பூட்டிவைத்துவிட்டு அந்த வரியை அழகாகக் கோடு போட்டு எழுதவைப்போம். அவளும் அதையேதான் எழுதவைத்தாள். பீரோவைத் திறந்து தெர்மாமீட்டரை எடுத்துத் திரவத்தில் வைத்தேன். முப்பத்தாறு டிகிரி. காலையில் பதினெட்டு, பத்தொன்பது இருந்திருக்கும். புத்தகத்தில் கொடுத்திருந்த விடை இருபத்தைந்து டிகிரிக்கு உள்ளது. அவளுடையது ஏன் கூடிற்று, என்னுடையது ஏன் குறைந்தது என்று ஒரே நேரத்தில் விளங்கிவிட்டது.

இதை நான் எத்தனை வருடமாகக் கரும்பலகையில் எழுதிப் போட்டிருக்கிறேன் தெரியுமா? நைட்ரோபென்சீன் மூலக்கூறு ஒவ்வொன்றும் ஒரு சின்ன இருமுனை, டைபோல். ஒரு பக்கம் கொஞ்சம் நேர் மின்னூட்டம், மறுபக்கம் கொஞ்சம் எதிர் மின்னூட்டம். குழாய்களுக்கு நடுவே மின்புலம் இருந்தால், அவை அதன் பக்கம் திரும்பப் பார்க்கும். எல்லாம் திரும்பிவிடாது. ஆளுக்கொரு திசையில் இருக்கிற கூட்டத்தில் அந்தப் பக்கம் பார்க்கிறவர்கள் சற்றே அதிகம், அவ்வளவுதான். அந்தச் சற்றே அதிகத்தை வைத்துத்தான் திரவம் மின்புலத்தை எதிர்க்கிறது, மாறிலி பெரிதாகிறது. சூடு ஏறினால் மூலக்கூறுகள் அதிகமாக ஆடும், புரளும், ஒன்றையொன்று இடிக்கும். திருப்புகிற மின்புலம் அதேதான். கலைக்கிற ஆட்டம் மட்டும் கூடிவிட்டது. அந்தப் பக்கம் பார்க்கிற அந்தக் கொஞ்சமும் குறையும், மாறிலியும் குறையும். காலை ரயிலுக்கு பிளாட்பாரத்தில் நிற்கிற கூட்டத்தில் வண்டி வருகிற பக்கம் பார்க்கிறவர்கள் கொஞ்சம் கூடுதலாக இருப்பார்கள். நெருக்கித்தள்ள ஆரம்பித்தால் அதுவும் போய்விடும். தேர்வில் பத்து மதிப்பெண்ணுக்கு வருகிற கேள்வி இது. கூரை அதையே தினமும் எனக்குச் செய்துகாட்டிக்கொண்டிருந்திருக்கிறது, நான் பசங்களைத் திட்டிக்கொண்டிருந்திருக்கிறேன்.

துறைத்தலைவர் அறைக்கு நான் ஓடின ஓட்டத்தைப் பார்த்தவர்கள் எங்கேயோ தீப்பிடித்துவிட்டது என்று நினைத்திருப்பார்கள். அவளும் அங்கே உட்கார்ந்திருந்தாள். நல்லதாகப் போயிற்று, அவள் முன்னால்தான் சொல்ல வேண்டும் என்று நினைத்தேன். சொன்னேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"சூடானா திரவம் விரியும் மேடம். அதனால கம்மியாகும். இல்லேன்னா ஆவியாகிப் போயிருக்கும். டைபோல் கதையெல்லாம் எதுக்கு?"

நான் வாயைத் திறப்பதற்குள் அவள் பேசிவிட்டாள். "சார், அக்கா சொல்றதுதான் சரின்னு தோணுது. செஞ்சு பாத்துடலாமே. இருமுனை இல்லாத திரவம் ஒண்ணையும் பக்கத்துல வெச்சு சூடு பண்ணலாம். அப்பால ஆறவெச்சும் பாக்கலாம்."

நான் சொல்லவேண்டியதை அவள் சொன்னாள். அதுவும் என்னைவிட அழகாக. எனக்கு ஆதரவாக ஒருத்தி பேசினால் சந்தோஷப்பட வேண்டாமா? எனக்குப் பொறாமையில் காது சூடாகியது.

மறுநாள் காலை மூன்று பேரும் லேபில் நின்றோம். ஃபேன் ஓடியது, கையுறை மாட்டிக்கொண்டோம். ஒரு செல்லில் நைட்ரோபென்சீன், இன்னொன்றில் லிக்விட் பாரஃபின். பாரஃபின் மூலக்கூறுக்கு இருமுனை என்று சொல்லிக்கொள்ள ஒன்றும் கிடையாது. இரண்டையும் மூடி, ஒரே வெந்நீர்த் தொட்டியில் இறக்கி மெதுவாகச் சூடாக்கினோம். நான் தெர்மாமீட்டரைப் படித்தேன், அவள் மீட்டரைப் படித்தாள், அவர் எழுதிக்கொண்டார். பாரஃபின் கொஞ்சம் இறங்கியது. ஒரு சதவீதம் கூட முழுசாக இல்லை.

"இதான் சார் நீங்க சொன்ன விரிவு. ஒரே இடத்துல மூலக்கூறு கொஞ்சம் கம்மியாவுது" என்றேன். "இப்ப இத்தப் பாருங்க."

நைட்ரோபென்சீன் முப்பத்தாறிலிருந்து முப்பத்தைந்து, முப்பத்துநான்கு என்று இறங்கிக்கொண்டே போனது. முப்பத்தாறு டிகிரி வந்தபோது என் பசங்களின் விடை, அச்சு அசலாக, மீட்டரில் நின்றது. வெறும் விரிவுக்கு இவ்வளவு இறக்கம் வராது. பிறகு அடுப்பை அணைத்துத் தொட்டியில் குளிர்ந்த நீரை விட்டோம். ஆவியாகிப் போயிருந்தாலோ, வேறு ஏதாவது கலந்திருந்தாலோ பழைய விடை திரும்பி வராது. சூடு இறங்க இறங்க மாறிலி ஏறியது. பத்தொன்பது டிகிரியில் மறுபடி முப்பத்தாறு. நான் அவளைப் பார்த்தேன். அவள் முகத்தில் என்னைவிட சந்தோஷம் இருந்தது. அதையும் என்னால் பொறுத்துக்கொள்ள முடியவில்லை.

"ஒப்பிகொண்டேன் மேடம்" என்றார் துறைத்தலைவர், பாதித் தமிழிலும் பாதிக் கன்னடத்திலும். "உங்க மேல தப்பு இல்ல. பசங்க மேலயும் இல்ல." எனக்கு நெஞ்சு நிமிர்ந்தது. அவர் எழுதின காகிதத்தை மடித்துக்கொண்டே அடுத்த வார்த்தையைச் சொன்னார்.

"அப்போ ஈஸி ஆயிடுச்சு. மத்தியானம் வெச்சா தப்பு வேல்யூ வரும்னு நீங்களே காட்டிட்டீங்க. வர்ற வருஷம் ஒரே பேட்ச், காலையில மட்டும். டாக்டர் மேடம் பாத்துப்பாங்க."

என் கையுறையை நான் இன்னும் கழற்றவில்லை. என் வேலைக்கு நானே குழி வெட்டி, ஆழம் சரியாக இருக்கிறதா என்று தெர்மாமீட்டர் வைத்தும் பார்த்துவிட்டேன். அது தப்பு விடை இல்லை, முப்பத்தாறு டிகிரிக்கு அதுதான் சரியான விடை என்று சொல்லத் தெரியாதவளா நான்? அந்த நேரத்துக்கு வார்த்தை வரவில்லை.

வார்த்தை அவளுக்கு வந்தது. "சார், அது தப்பு வேல்யூ இல்ல. காலைல ஒரு புள்ளி எடுத்தா பசங்களுக்கு ஒரு நம்பர் தெரியும், அவ்ளோதான். மத்தியானப் புள்ளியும் இருந்தாத்தான் கோடு வரையலாம், ஏன் எறங்குதுன்னு கேக்கலாம். ரெண்டு பேட்சும் வேணும். ஒருத்தருக்குன்னு வர்ற ஹவர்ஸை நாங்க ரெண்டு பேரும் பாதி பாதியா எடுத்துக்கறோம்." பிறகு என் பக்கம் திரும்பி, "இன்னா அக்கா, சரிதானே?" என்றாள்.

துறைத்தலைவர், டாக்டர் மேடம் சொன்னால் சரி என்றார். அக்கா தலையாட்டினாள். வேறு என்ன செய்வாள்?

வெளியே வந்ததும் கேட்டேன். "உங்களுக்கு இன்னாத்துக்கு மேடம் இந்த வேலை? முழுசா வந்ததை ஏன் விட்டுக் கொடுத்தீங்க?"

"அம்மா மருந்துக்கு நான் வூட்டுக்காரர்கிட்ட கை நீட்டக் கூடாதுன்னுதான் இந்த வேலைக்கே வந்தேன் அக்கா. பாதி வந்தாலும் மருந்துக்கு ஆவும்." சொல்லிவிட்டு அவள் பாட்டுக்குப் போய்விட்டாள். வேலை அவளுக்கும் வேண்டியிருந்தது. தெரிந்த பிறகும் என் பொறாமை குறைந்தது என்று பொய் சொல்ல மாட்டேன். விட்டுக்கொடுக்கிற மனசு அவளுக்கு இருக்கிறது, எனக்கு இல்லை. இப்போது அதற்கும் சேர்த்துப் பொறாமை.

இரண்டு வருடமாகப் பாதிப் பாதியாக ஓட்டிக்கொண்டிருக்கிறோம். மீதிப் பாதிக்கு நான் சாயந்திரத்தில் டியூஷன் எடுக்கிறேன். ரெக்கார்டில் இப்போது ரூம் டெம்பரேச்சர் என்று எழுதவிடுவதில்லை. டிகிரியை எழுத வேண்டும். லேப் சுவரில் ஒரு பெரிய வரைபடம் மாட்டியிருக்கிறோம். கீழே வெப்பநிலை, பக்கத்தில் மாறிலி. அவள் பேட்ச் நீலப் புள்ளி, என் பேட்ச் சிவப்புப் புள்ளி. இடது பக்கத்து உயரத்தில் ஆரம்பித்து வலது பக்கத்துக் கீழே வரைக்கும் ஒரே கோடு. போன தடவை வந்த தேர்வாளர் அதன் முன்னால் நின்று நன்றாக இருக்கிறது என்றார். மேலே இருக்கிற நீலப் புள்ளிகளைக் காட்டி, "இது யாரோட பேட்ச்?" என்று கேட்டார்.

அவள் என்னைப் பார்த்தாள். நான் சுவரைப் பார்த்தேன். மார்ச்சோ டிசம்பரோ, காலை மத்தியானத்தைவிடக் குளிராகத்தான் இருக்கும்; அவள் புள்ளிகள் என்றைக்கும் மேலேதான் நிற்கும்.

"டாக்டர் மேடத்தோடது" என்றேன். "கீழ இருக்கிறது என்னுது. அது ரெண்டும் ஒரே கோடு சார்."

சொல்லும்போதே வயிறு எரிந்தது.